மர்மரேஷன்: தமிழில் சுழல்திரள்

ஸ்டார்லிங் பறவைகள் மாலையில் அடையப் போகும் முன் ஆயிரக்கணக்கில் கூடி, வானத்தில் புகைபோல வளைந்து நெளிந்து பறக்கும். அந்தத் திரளுக்குத்தான் ஆங்கிலத்தில் மர்மரேஷன் என்று பெயர். மூலம் லத்தீன், முணுமுணுத்தல் என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டார்லிங் கூட்டத்தை இப்படி அழைத்திருக்கிறார்கள். பெயர் பிறந்தது சத்தத்தில்.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பொழுது சாயும் நேரத்தில் சாலையோர மரத்தடியில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். சிவந்த கண்ணும் பச்சை மினுங்கும் கறுப்பு உடம்புமாக வந்து இறங்கும் பெர்லிங், ஸ்டார்லிங் குடும்பம்தான். நம் மைனாவும் அப்படியே. (கீழே காரை நிறுத்தியவர் பாடு வேறு கதை.) ஆனால் காணொளிகளில் நாம் வாய்பிளந்து பார்க்கும் பெருந்திரள் பெரும்பாலும் ஐரோப்பிய ஸ்டார்லிங்குடையது.

அதை நடத்த தலைவன் கிடையாது. 1987-இல் கணினி வரைகலை வல்லுநர் கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினித் திரையில் மூன்றே விதிகளால் ஒரு கூட்டத்தைப் பறக்கவிட்டார்: பக்கத்துப் பறவைமேல் மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. சரி, பக்கத்துப் பறவை என்றால் எது? குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பதெல்லாமா?

இத்தாலிய இயற்பியலாளர்கள் ரோமில், டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அருங்காட்சியகக் கூரையில் கேமராக்களை வைத்து, ஒவ்வொரு பறவையும் எங்கே இருக்கிறது என்று முப்பரிமாணத்தில் கணக்கிட்டார்கள். 2008-இல் வந்த விடை: ஒரு பறவை தனக்கு மிக நெருங்கிய ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது. அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது பொருட்டில்லை.

இதில் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பறவையைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குள் ஏழு பறவைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வல்லூறு பாய்கிறது, திரள் சிதறி இடைவெளி இரட்டிப்பாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பதால் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகும். அதே ஒன்றரை மீட்டருக்குள் ஒன்று மிஞ்சினாலே அதிகம். தூரத்தை நம்பிய பறவை அந்த நேரத்தில் தனித்துப்போகும், வல்லூறுக்கு வேண்டியதும் அதுதான். எண்ணிக்கையை நம்பிய பறவையோ அதே ஏழு பேரைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறது, அவ்வளவே. அதனால்தான் திரள் கிழிந்தாலும் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் தமிழ்ச்சொல். 'முணுமுணுப்பு' என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் பறவை நினைவுக்கு வராது. வண்டின் ஒலிக்கு நம்மிடம் 'முரல்' இருக்கிறது. 'முரல்திரள்' காதுக்கு இனிமைதான், ஆனால் வானத்தில் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை. என் ஓட்டு 'சுழல்திரள்' என்பதற்கே. 'ஸ்டார்லிங் சுழல்திரள்' என்று முதல்முறை சேர்த்து எழுதிவிட்டால் பிறகு 'திரள்' என்றாலே போதும். மரத்தில் உட்கார்ந்து கத்தும் கூட்டத்துக்கு மட்டும் இதைப் போட வேண்டாம். அது வெறும் அடைகூட்டம்.