விளக்குகள் சிமிட்டின, தண்டு சூடேறியது

1970 டிசம்பர் 9. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கொலராடோ ஆற்றை ஒட்டியிருந்த மொஹாவே அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் விளக்குகள் சிமிட்டத் தொடங்கின. தரை அதிர்ந்தது. ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டருக்குப் போகும் புல மின்னோட்டம் வழக்கத்தைவிட மிக உயர்ந்தது, அதிர்வு எச்சரிக்கைகள் ஒலித்தன. விளக்குகளின் சிமிட்டல் ஒன்றிரண்டு நிமிடங்கள் நீடித்தது. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தபோது, ஜெனரேட்டருக்கும் அதன் ரோட்டருக்கு மின்னோட்டம் தரும் எக்சைட்டருக்கும் இடையே, சுழலும் தண்டுக்கு அந்த மின்னோட்டத்தைக் கடத்தும் ஸ்லிப் ரிங் பொருத்தியிருந்த பகுதியில் தண்டு பழுதாகியிருந்தது. பழுதுபார்த்து மீண்டும் ஓட்டினார்கள். 1971 அக்டோபர் 26 அன்று அதே இடத்தில் அதே சேதம். இரண்டாவது முறைக்குப் பிறகுதான் காரணம் தண்டின் எஃகில் இல்லை, வெளியே போகும் மின்பாதையில் இருக்கிறது என்பது உறுதியானது.

அந்தப் பாதை நீண்ட 500 கிலோவோல்ட் பாதை. அதன் நடுவே தொடர் மின்தேக்கிகள் இருந்தன. நீளமான பாதைக்கு, மாறுமின்னோட்டத்தை எதிர்க்கும் தூண்டல் மறுப்பு அதிகம், அதனால் அதன் வழியே அனுப்பக்கூடிய திறன் குறையும். பாதையோடு தொடராக மின்தேக்கியை வைத்தால் அந்த மறுப்பின் ஒரு பகுதி ஈடாகிவிடும். இன்னொரு பாதை கட்டுவதைவிட இது மிகவும் மலிவு என்பதால், என் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நானும்தான்.

ஆனால் தூண்டலும் மின்தேக்கியும் தொடராக நின்றால் அங்கே ஓர் ஒத்ததிர்வு உண்டு. எழுபது சதவீதம் ஈடு செய்தால்கூட மின்தேக்கியின் மறுப்பு பாதையினுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் இந்த ஒத்ததிர்வு எப்போதும் அமைப்பின் அதிர்வெண்ணுக்குக் கீழே விழும். சப்-சிங்க்ரனஸ் ஒத்ததிர்வு என்ற பெயர் இதற்கு இதனால்தான் வந்தது.

```
fe = f0 × √(Xc / X)
```

இதில் fe ஒத்ததிர்வின் அதிர்வெண், f0 அமைப்பின் அதிர்வெண், Xc மின்தேக்கியின் மறுப்பு. X என்பது பாதையின் மறுப்பு மட்டுமல்ல. ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், பாதை எல்லாம் சேர்ந்த மொத்தம். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் மொஹாவேயின் எண்கள் அல்ல, நான் முழுமைப்படுத்தி எடுத்தவை. பாதை 100 ஓம், ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து 100 ஓம், மொத்தம் 200. பாதையில் 50 சதவீத ஈடு, அதாவது மின்தேக்கி 50 ஓம். 50-ஐ 200-ஆல் வகுத்தால் கால், அதன் வர்க்கமூலம் அரை. 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸில் விழுகிறது.

ரோட்டர் இதை எப்படி உணர்கிறது? கோயில் பிராகாரத்தை இருவர் ஒரே திசையில் சுற்றி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனை ஜெனரேட்டரின் ரோட்டர் நொடிக்கு 60 சுற்று சுற்றுகிறது. அசையாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரில் ஓடும் 30 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் அதே திசையில் நொடிக்கு 30 சுற்றுதான் சுற்றுகிறது. ரோட்டர் அதை நொடிக்கு 30 முறை முந்துகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு உந்தலும் ஒரு இழுப்பும் வாங்குகிறது. தண்டு உணரும் அதிர்வெண் 60-இலிருந்து ஒத்ததிர்வைக் கழித்தால் வருவது.

டர்பைன் பகுதிகள், ஜெனரேட்டர், எக்சைட்டர் எல்லாம் ஒரே தண்டில் கோத்த கனமான சக்கரங்கள். இடையிலுள்ள எஃகு அவற்றைப் பிணைக்கும் சுருள்வில் போல நடந்துகொள்கிறது. இந்தக் கோர்வைக்கு முறுக்கி அவிழும் சொந்த அதிர்வெண்கள் சில உண்டு. மொஹாவேயின் உயர் அழுத்தத் தண்டில் அவற்றுள் ஒன்று 30 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. தண்டு அந்த வேகத்தில் சற்றே முறுக்கி அவிழும்போது ஸ்டேட்டரில் 30 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் தோன்றுகிறது. பாதை அங்கே ஒத்ததிர்வதால் சிறு மின்னழுத்தமே பெரிய மின்னோட்டத்தைத் தருகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் திருப்புவிசை தண்டின் அசைவை எதிர்க்காமல் அதற்குத் துணைபோகிறது. எஃகின் முறுக்குத் தணிவு இயல்பிலேயே அற்பமானது. அதை வெல்லத் துணைவிசை அதிகம் தேவையில்லை. அதன்பின் அசைவு சுற்றுக்குச் சுற்று வளரும்.

தண்டு எக்சைட்டர் பக்கம் ஏன் பழுதானது என்றால், அந்த முனையில் தண்டு மெல்லியது, குறிப்பிட்ட அந்த அசைவில் முறுக்கம் அங்கேதான் குவிகிறது. 30 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் என்றால் 1,800 முறுக்கல்கள். மீண்டும் மீண்டும் முறுக்கப்பட்ட எஃகு களைப்படைந்ததோடு சூடேறவும் செய்தது.

இந்த ஆபத்தைச் சாதாரணக் கருவி பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். தாங்கிகளில் உள்ள அதிர்வு உணரிகள் தண்டு பக்கவாட்டில் ஆடுவதைப் பார்க்கின்றன. முறுக்கலில் தண்டின் மையம் நகர்வதே இல்லை என்பதால், வெகுநேரம் அவை ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். முறுக்கலை அளக்கத் தண்டில் பல்சக்கரம் வேண்டும், அதன் பற்கள் கடக்கும் நேரத்தில் வரும் நுண்ணிய மாற்றத்தைப் படிக்கும் கருவி வேண்டும். முறுக்கு அழுத்த ரிலே அந்த அளவை வைத்தே இயந்திரத்தை மின்வலையிலிருந்து பிரிக்கிறது.

இந்தியாவில் ஒரு 400 கிலோவோல்ட் திட்டத்தின் ஆய்வுக் கூட்டத்தில் நான் இருந்தேன்; நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இங்கே அடிப்படை 50 ஹெர்ட்ஸ், எனவே 50-இலிருந்து கழிக்க வேண்டும். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மறுப்பு எவ்வளவு என்று காட்டும் அதிர்வெண் வருடல் வரைபடங்களைத் திட்டப் பிரிவினர் கொண்டுவந்தார்கள், அவை பார்க்க அழகாக இருந்தன. எல்லாப் பாதைகளும் சேவையில், பிறகு ஏதேனும் ஒரு பாதை விலகிய நிலை. ஒத்ததிர்வைக் காட்டும் ஆபத்தான பள்ளம் எங்கும் இல்லை. ஜெனரேட்டருக்கு வேறு பாதைகள் இணையாக இருக்கும்வரை, மின்தேக்கியுள்ள பாதையின் ஒத்ததிர்வு தெளிவாக எழும்பாது என்பது இயல்புதான்.

நான் ஒன்றை மட்டும் கேட்டேன். ஒரு பாதை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும்போது இன்னொன்று பழுதாகிப் பிரிந்தால், இந்த அலகு மின்தேக்கிப் பாதையோடு தனித்து நிற்குமா? பட்டியலில் அந்த வரிசையே இல்லை. “அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு சார்” என்றார் இளைஞர் ஒருவர். மொஹாவேயில் நடந்தது அதுதான்: பாதைகள் பிரிந்த ஒரு நிலையில், அலகு மின்தேக்கியுள்ள பாதையோடு தனித்து விடப்பட்டது. அந்த வரிசையைச் சேர்த்து மீண்டும் ஓட்டினார்கள். பள்ளம் தோன்றியது, 50-இலிருந்து கழித்தால் தண்டின் ஓர் அதிர்வெண் வரும் இடத்திலேயே தோன்றியது.

ஈட்டைக் குறைத்தால் போதாதா என்ற கேள்வி உடனே வந்தது. என் பழைய கணக்கையே எடுங்கள். 50 சதவீதத்தை 40 ஆக்கினால் ஒத்ததிர்வு 26.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், தண்டு உணர்வது 33.2 ஆக ஏறும். ஓர் அதிர்வெண்ணிலிருந்து தப்பித்து அடுத்த அதிர்வெண்ணை நெருங்கலாம். எந்தச் சதவீதம் பாதுகாப்பு என்பதை டர்பைன் உற்பத்தியாளர் தரும் முறுக்குத் தரவு இல்லாமல் சொல்ல இயலாது. அந்தத் தரவை வாங்க எங்களுக்குப் பல மாதக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது.

மொஹாவேக்குப் பிறகு தீர்வுகள் பல வந்தன. அரிசோனாவின் நவாஹோ நிலையத்தில் ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மரோடு தடுப்பு வடிகட்டிகளையே தொடராக வைத்தார்கள், அவை குறிப்பிட்ட அதிர்வெண் மின்னோட்டத்தை மறிக்கும். விலையும் இடமும் அதிகம். எங்கள் திட்டத்தில் எளிய வழியை எடுத்தோம். மின்தேக்கித் தொகுதி இரண்டு துண்டுகளாக இருந்தது. ஒரு துண்டை விலக்கிய நிலையிலும், இரண்டையும் விலக்கிய நிலையிலும் வருடலை ஓட்டினோம். ஒரு துண்டை விலக்கினாலே அந்த அலகின் அதிர்வெண்களிலிருந்து போதிய தூரம் கிடைத்தது. இணையாக உள்ள பாதையைப் பராமரிப்புக்குக் கொடுக்கும் முன் அந்தத் துண்டை பைபாஸ் செய்ய வேண்டும் என்று அனுமதிப் படிவத்திலேயே ஒரு கட்டம் அச்சிட்டோம். அதை நிரப்பாமல் பணிக்கு அனுமதி கையெழுத்தாகாது. பல்சக்கர உணரியும் ரிலேயும் தனியே கேட்டிருக்கிறோம், வந்த பாடில்லை.