மாலை 6.40க்கு நின்ற இயந்திரம்: மேற்பார்வையாளர் நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி

பினாங்கின் பாயான் லெப்பாசிலும் பிறையிலும் உள்ள பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர் பதவிக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர், பல ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து கை தேர்ந்தவர்கள். ஆனாலும் நேர்முகத் தேர்வில், தரம் குறித்துக் கேட்டால் தரமே முக்கியம் என்றும், பாதுகாப்பு குறித்துக் கேட்டால் பாதுகாப்பே முதலிடம் என்றும் மனப்பாடம் செய்த வரிகளையே சொல்கிறார்கள். தேர்வுக் குழுவில் அமரும் நான், தரம், பாதுகாப்பு, ஷிப்டு ஒப்படைப்பு, இயந்திரப் பழுது ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்பதில்லை. நான்கும் ஒன்றாக வந்து நிற்கும் ஒரே நிலைமையை விவரித்து, என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன்.

நிலைமை இதுதான். எட்டுக் குழிகள் கொண்ட மோல்டில் சிறிய பற்சக்கரங்கள் வார்க்கப்படுகின்றன. மூலப்பொருள் அசிட்டால், அதாவது பி.ஓ.எம். ஒரு சுழற்சிக்கு 20 வினாடி. 400 துண்டுகளுக்கு ஒரு பை. கடைசியாக 5.00 மணிக்குத் தரச் சோதகர் பார்த்துச் சரி என்று கையொப்பமிட்டிருக்கிறார். 6.40க்கு, வார்த்த துண்டை மோல்டிலிருந்து வெளியே தள்ளும் உந்து ஊசிகள் பின்வாங்கவில்லை என்ற எச்சரிக்கையோடு இயந்திரம் நிற்கிறது. மோல்டு திறந்திருக்கிறது, உள்ளே ஒரு துண்டு சிக்கியிருக்கிறது. 7.00 மணிக்கு இரவு ஷிப்டு வந்துவிடும்.

உடனே மெயிண்டனன்சை அழைப்பேன் என்பதே பெரும்பாலோரின் முதல் பதில். அது தவறில்லை, ஆனால் டெக்னீஷியன் வந்து சேரும் வரையிலான நேரமும் மேற்பார்வையாளரின் பொறுப்புதான். அந்த நேரத்தில்தான், அன்றைய இலக்கை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஆபரேட்டர் பாதுகாப்புக் கதவைத் திறந்து சிக்கிய துண்டைக் கையால் எடுக்கப் பார்ப்பார். ஆகவே ஆட்களை விலக்கி, கதவை மூடி, யாரும் தொடக்கூடாது என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்வதே முதல் வேலை. நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் உள்ள லைனில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேட்பேன். சைகையும் சிவப்பு அட்டையும் போதும் என்று ஒருவர் விளக்கிக் காட்டினார், நல்ல பதில்.

அடுத்து நான் எதிர்பார்ப்பது பதிலை அல்ல, ஒரு கேள்வியை: பிளாஸ்டிக்கை உருக்கும் பீப்பாயில் என்ன பொருள் இருக்கிறது? பி.ஓ.எம். வெப்பத்தில் நெடுநேரம் தேங்கி நின்றால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். கண் எரிவதும் மூக்கில் நெடி ஏறுவதும் அதன் அறிகுறி. பீப்பாயின் முனையான நாசில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, உருகிய பிளாஸ்டிக் பீறிட்டு வெளியே அடிக்கலாம். எனவே யாரும் சிக்கிக்கொள்ளவில்லை என்று உறுதியானதும், கதவு மூடிய நிலையில் கைமுறை இயக்கத்தில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் பகுதியை மோல்டிலிருந்து பின்னுக்கு இழுத்து, காப்புத் தடுப்பு இருக்கும்போதே பாலிஎத்திலீன் செலுத்திப் பீப்பாயைச் சுத்தம் செய்து, வெளிவந்த கட்டியைத் தண்ணீர் வாளியில் போட்டு, வெப்பத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு மின்சாரம் தேவை என்பதால் பூட்டுப் போடுவது இதற்குப் பிறகுதான் வரும். எடுத்தவுடனே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவேன் என்பவர் பாதுகாப்புப் பாடத்தைப் படித்திருக்கிறார், ஆனால் இந்த இயந்திரத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

சுத்தம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்து, வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்கி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, இயந்திரம் அசையவில்லை என்று பார்த்த பிறகே மோல்டுக்குள் கை போகலாம். கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இண்டர்லாக் சுவிட்சை ஏமாற்றி ஓட்டிய அனுபவத்தைத் திறமையாகச் சொல்பவரை நான் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டத்தைச் சொல்ல விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இல்லை. அதே நாளில் நடப்புக்கு வந்த திருத்தங்களோடு கூடிய 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே இப்போது பொருந்தும். உடனடி ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற உரிமையும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது.

இதுவரை சரியாகச் சொன்னவர்களும் தடுமாறும் இடம், ஏற்கெனவே வெளிவந்துவிட்ட துண்டுகள். உந்து ஊசி 6.40க்குத் திடீரென்று கெட்டிருக்கலாம். அதற்கு முன்பே சிறிது சிறிதாக இறுகி, பல துண்டுகளில் அழுத்தத் தழும்பையோ மெல்லிய பிசிறையோ விட்டிருக்கவும் கூடும். நல்லது என்று நமக்குத் தெரிந்த கடைசி நேரம் 5.00 மணிதான். அதிலிருந்து 100 நிமிடம், அதாவது 300 சுழற்சி, 2,400 துண்டுகள், ஆறு பைகள். ஒரு பை ஸ்டோருக்குப் போய்விட்டிருந்தாலும் ஆறுக்கும் நிறுத்தி வைக்கும் அட்டை ஒட்ட வேண்டும். பிறகு கடைசிப் பையில் தொடங்கிப் பின்னோக்கிச் சோதிக்கலாம். ஒரு பை சுத்தமாக இருந்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. விட்டுவிட்டு வரும் பழுது ஒரு பையைத் தாண்டி முந்தைய பையில் இருக்கக்கூடும். விடுவிக்கும் முடிவு தரப் பிரிவுடையது, மேற்பார்வையாளருடையது அல்ல. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய விண்ணப்பதாரரிடம் மற்ற கேள்விகளை நான் சுருக்கிக்கொள்வேன்.

மணி 7.00 ஆகிறது. பழுது முடியவில்லை. பகல் டெக்னீஷியன் பூட்டைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா? இரவு டெக்னீஷியன் தம் பூட்டைப் போட்ட பிறகே இவர் தம்முடையதைக் கழற்ற வேண்டும். இடையில் ஒரு நொடிகூட இயந்திரம் பூட்டின்றி இருக்கலாகாது. 1988 ஜூலை 6 அன்று வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்த விபத்தில், பராமரிப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பைப் பற்றிய செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேராததால் அந்தப் பம்பு இயக்கப்பட்டது.

ஆகவே, குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுச் செல்வேன் என்ற பதில் எனக்குப் போதாது. இயந்திரத்தின் அருகே இருவரும் நின்று, செய்தது எது, செய்யாமல் விட்டது எது, நிறுத்தி வைத்திருப்பது எது என்று பேசி, வாங்கிக்கொள்பவர் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஊசி மாட்டிக்கொண்டது, மெயிண்டனன்ஸ் பார்க்கிறது" என்ற குறிப்பில் ஆறு பைகளும் இல்லை, பீப்பாயில் இப்போது பாலிஎத்திலீன் இருக்கிறது என்பதும் இல்லை. பின்னதைச் சொல்லாவிட்டால் இரவில் வார்க்கும் முதல் சக்கரங்களில் அது கலந்துவிடும்.

இன்னொன்றையும் ஒப்படைப்பில் சொல்பவர் மிகக் குறைவு. பி.ஓ.எம். மோல்டிலிருந்து வந்த பின்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். பழுது நீங்கி 8.30க்கு எடுத்த முதல் துண்டின் எடையையும் தோற்றத்தையும் உடனே பார்க்கலாம். சூடாக இருக்கும்போது எடுத்த அளவை இறுதி அளவாகக் கொள்ள முடியாது. எனவே இரவில் வார்க்கும் பைகள், அளவு உறுதியாகும் வரை தனி அட்டையுடன் நிற்க வேண்டும் என்பதும், அதை மறுநாள் காலையில் யார் அளப்பார் என்பதும் அந்த ஒப்படைப்பிலேயே பெயருடன் எழுதப்பட வேண்டும்.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள், தாங்கள் உண்மையில் கையாண்ட ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, நின்ற நேரம், கடைசியாகச் சரி பார்த்த நேரம், இடைப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை, பூட்டுப் போட்டவர், மீண்டும் ஓட்ட அனுமதித்தவர் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாடிக்கையாளரின் பெயரையும் பாகத்தின் எண்ணையும் மட்டும் விட்டுவிடுங்கள். பழைய நிறுவனத்தின் இரகசியத்தை எங்களிடம் சொல்பவர் நாளை எங்களுடையதையும் வெளியே சொல்வாரோ என்ற ஐயம் தேர்வுக் குழுவுக்கு வரும்.