விபிஎன் போட்டதும் பிரிண்டர் எங்கே போனது?

விபிஎன் இணைந்தவுடன் பிரிண்டர் ஆஃப்லைன் ஆகிவிடும், காஸ்ட் பட்டியலில் டிவி இருக்காது, ஸ்மார்ட் ஸ்பீக்கரின் ஆப் ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று சொல்லும். என்னைக் கூப்பிடுவதற்குள் பலர் பிரிண்டரை நீக்கி, டிவியை ரீசெட்டும் செய்துவிடுகிறார்கள். வேண்டாத வேலை அது. ஸ்பீக்கரிடம் வாயால் மணி கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்லும். அது ரூட்டர் வழியாக நேராக இணையத்துக்குப் போகிறது, போனில் ஓடும் விபிஎன்னுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்க்க முடியாமல் போனது போனுக்குத்தான்.

சமீபத்தில் பார்த்த ஒரு விண்டோஸ் லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். பிரிண்டரின் முகவரி 192.168.1.40. விபிஎன் ஓடும்போதே இதைத் தட்டச் சொன்னேன்:

```
ping 192.168.1.40
```

வந்த பதில் `General failure`. பிரிண்டர் பதில் தராததால் வந்ததல்ல அது. கேள்வி லேப்டாப்பை விட்டே வெளியேறவில்லை, விபிஎன் செயலி வாசலிலேயே நிறுத்திவிட்டது. செயலியின் அமைப்புகளில் `Allow LAN traffic` அல்லது `Local network sharing` என்பது போல ஒன்று இருக்கும். அதை ஆன் செய்து, விபிஎன்னைத் துண்டித்து மறுபடி இணைத்ததும் பதில் வந்தது.

ஆனால் பிரிண்டர் பட்டியல் அப்போதும் காலிதான். காரணம், சென்றடைவது வேறு, கண்டுபிடிப்பது வேறு. பட்டியலை நிரப்ப லேப்டாப், ‘இங்கே யார் இருக்கிறீர்கள்?’ என்று 224.0.0.251 போன்ற ஒரு பொது முகவரிக்குக் குரல் கொடுக்கிறது. அது 192.168 வரிசையில் சேராததால் சில விபிஎன்கள் அதை மட்டும் விடுவதில்லை. எனவே பிரிண்டரை முகவரி கொடுத்தே சேர்த்தோம். அப்புறம் அந்த முகவரி மாறாமலிருக்க ரூட்டரில் ஒதுக்கியும் வைத்தோம்.

காஸ்ட் செய்ய இந்தக் குறுக்குவழி பெரும்பாலும் உதவாது, ஆப்பில் முகவரி தட்ட இடமே இருக்காது. ஆண்ட்ராய்டில் விபிஎன்னின் `Split tunneling` பகுதிக்குப் போய், அந்த ஒரு ஆப்பை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடலாம். அந்த ஆப்பின் இணையப் போக்குவரத்துக்கு அப்போது விபிஎன் பாதுகாப்பு இருக்காது, தெரிந்தே செய்யுங்கள். ஐபோனில் விபிஎன் இல்லாதபோதும் டிவி தெரியவில்லையா? `Settings > Privacy & Security > Local Network` பகுதியில் அந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் இதைத் தனியாகக் கேட்கிறார்கள்.

விபிஎன்னின் `Allow LAN traffic` அனுமதி பல செயலிகளில் இயல்பாகவே அணைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2023-இல் வெளியான டனல்கிராக் ஆய்வு, மோசடி வைஃபை ஒன்று இணைய முகவரிகளையே ‘உள்ளூர்’ என்று காட்டி, போக்குவரத்தை விபிஎன்னுக்கு வெளியே இழுக்க முடியும் என்று காட்டியது. ஆகவே பொது வைஃபையில் அதை அணைத்துவிடுவேன்.

அலுவலக விபிஎன்னில் அந்தப் பொத்தான் அமுங்காமலிருந்தால் பெரும்பாலும் அலுவலகமே தடுத்திருக்கிறது என்று பொருள். லேப்டாப்பில் எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை, ஐடி பிரிவிடம் கேளுங்கள். அதுவரை யூஎஸ்பி கேபிள் போதும், அது நெட்வொர்க் பக்கமே போவதில்லை.