துபாய் பணத்தை எப்போ ரூபாயாக்கணும்? ஊர் திரும்புறவங்களுக்கான நாள் கணக்கு

"ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே மொத்தப் பணத்தையும் அனுப்பிடு, வந்தப்புறம் கொண்டு வந்தா டாக்ஸ் போட்டுருவான்". கல்ஃப்ல இருந்து செட்டில் ஆக வர்ற யாருக்கும் சொந்தக்காரங்க சொல்ற முதல் அட்வைஸ் இதுதான், அதுவே தப்பு. என்ஆர்ஐயா இருந்தப்போ வெளிநாட்டுல சம்பாதிச்சு அங்கேயே அக்கவுண்ட்ல வச்சிருக்க பணத்தை நாளைக்குக் கொண்டு வந்தாலும் பத்து வருஷம் கழிச்சுக் கொண்டு வந்தாலும் அது புது வருமானம் கிடையாது, கொண்டு வர்றதுக்குன்னு வரி இல்ல. வரி வர்றது அந்தப் பணம் இனிமே சம்பாதிக்கிற வட்டிக்கும் லாபத்துக்கும்தான். அது எப்போ ஆரம்பிக்குதுங்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு.

இதுல ரெண்டு சட்டம் ரெண்டு விதமா பாக்குது. ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் உங்க நோக்கத்தைப் பாக்கும், இனிமே இங்கதான்னு வந்து இறங்கினா அன்னைக்கே நீங்க ரெசிடென்ட். வருமான வரிச் சட்டம் நோக்கத்தைப் பெருசா கண்டுக்காது, ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் இந்தியாவுல எத்தனை நாள் இருந்தீங்கன்னு எண்ணும், பழைய பத்து வருஷத்தையும் சேர்த்துப் பாக்கும். (2026 ஏப்ரல் 1ல இருந்து 1961 சட்டம் போய் 2025 சட்டம் வந்தாலும் இந்த எண்ணுற முறை அதேதான்.) ஃபெமா உடனே மாறிடுது, வரிச் சட்டம் மெதுவா மாறுது, நடுவுல கிடைக்கிற இடைவெளிக்குப் பேருதான் ஆர்என்ஓஆர், அதாவது ரெசிடென்ட்தான் ஆனா இன்னும் முழு ரெசிடென்ட் இல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர் துபாய்ல 12 வருஷம் வேலை பார்த்தவர், வருஷா வருஷம் 40 நாள் லீவுல வந்துட்டுப் போவார்னு வச்சுக்குங்க. 2025 ஜூன்ல 30 நாள் லீவுக்கு வந்தார், அப்புறம் நவம்பர் 10 மொத்தமா வந்துட்டார். நவம்பர் 10ல இருந்து மார்ச் 31 வரைக்கும் 142 நாள், லீவையும் சேர்த்தா 172. ரெசிடென்ட் ஆக 182 வேணும். 60 நாள் இருந்தாலே ரெசிடென்ட்னு இன்னொரு விதி இருக்கே, அது அதுக்கு முந்தின நாலு வருஷத்துல மொத்தம் 365 நாள் இங்க இருந்திருந்தாத்தான் வேலை செய்யும், இவருக்கு 160தான். ஆக 2025-26க்கு அவர் இன்னும் என்ஆர்ஐ.

அடுத்த வருஷம் முழுக்க ஊர்லதான், ரெசிடென்ட் ஆயிடுறார். ஆனா முந்தின 10 வருஷத்துல 9 வருஷமாவது என்ஆர்ஐயா இருந்திருந்தா ஆர்என்ஓஆர். 2026-27ல அவருக்கு 10க்கு 10, 2027-28ல 10க்கு 9, ரெண்டும் ஓகே. 2028-29ல 8தான். முந்தின 7 வருஷத்துல இந்தியாவுல இருந்த நாள் மொத்தம் 729ஐத் தாண்டலைன்னாலும் தப்பிக்கலாம், ஆனா ரெண்டு வருஷம் முழுசா ஊர்ல உக்காந்தவருக்கு அதுவும் தாண்டிடும். ஸோ 2028 மார்ச் 31 வரைக்கும் டைம்.

இப்போ இதே ஆளு ஜூன் லீவை ஒரு 15 நாள் நீட்டி 45 நாளாக்கியிருந்தா? 187 நாள், 2025-26லயே ரெசிடென்ட், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஆர்என்ஓஆர், 2027-28க்கு 10ல 8தான் தேறும், 7 வருஷக் கணக்கும் 752 ஆயிடும். ஒரு கல்யாணத்துக்காக நீட்டின லீவுல ஒரு முழு வருஷம் போச்சு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் முத்திரையை எடுத்து வச்சு எண்ணுங்கன்னு சொல்றது இதுக்குத்தான். இந்தியாவுல வாடகை அது இதுன்னு வருஷத்துக்கு 15 லட்சத்துக்கு மேல வருமானம் இருந்தா விதி வேற, அவங்க ஆடிட்டர்கிட்ட போயிடுறது நல்லது.

ஆர்என்ஓஆர் காலத்துல வெளிநாட்டு வட்டி, டிவிடெண்ட், வாடகை எதுக்கும் பொதுவா இங்க வரி கிடையாது. ஒரு கண்டிஷன், அந்தக் காசு முதல்ல வெளிநாட்டு அக்கவுண்ட்ல விழணும். துபாய் ஃப்ளாட் வாடகையை நேரா மதுரை அக்கவுண்டுக்கே போடச் சொன்னீங்கன்னா அது இந்தியாவுல வாங்கின வருமானம், வரி உண்டு. அங்க வாங்கிட்டு அப்புறம் அனுப்பினா இல்ல. அதே மாதிரி ஊர்ல உக்காந்து துபாய் கம்பெனிக்கு லேப்டாப்ல வேலை பார்த்தா அந்தச் சம்பளம் இங்க சம்பாதிச்சதுதான், இதுல ஆர்என்ஓஆர் காப்பாத்தாது.

நிறைய பேர் மாட்டுறது என்ஆர்இ டெபாசிட்ல, அதாவது வெளிநாட்டுல இருக்கப்போ இங்க பேங்க்ல ரூபாயா போட்டு வச்ச டெபாசிட்ல. அதோட வட்டிக்கு வரி இல்லைன்னு சொல்றது ஃபெமா கணக்குல வெளிநாட்டுல இருக்கவங்களுக்குத்தான். வந்து இறங்கினதும் பேங்க்ல சொல்லி அதை ரெசிடென்ட் அக்கவுண்டா மாத்தணும், வட்டிக்கும் அன்னைல இருந்து வரி. சொல்லாம விட்டா பேங்க் பாட்டுக்கு வரி பிடிக்காம வட்டி போட்டுக்கிட்டே இருக்கும், நாமளும் வரி இல்லைன்னே நெனச்சுக்கிட்டு இருப்போம். ஆனா எஃப்சிஎன்ஆர்னு டாலர்லயே போடுற டெபாசிட் இருக்கே, அதை முதிர்ச்சி வரைக்கும் அப்படியே ஓட விடலாம், அப்புறம் ஆர்எஃப்சி அக்கவுண்டுக்கு மாத்தி டாலராவே வச்சுக்கலாம், ஆர்என்ஓஆரா இருக்க வரைக்கும் ரெண்டு வட்டிக்கும் வரி இல்ல.

ரூபாய் ரேட் உள்ள வர்றது இங்கதான். ரூபாய் டெபாசிட் 7 சதவீதம், டாலர் டெபாசிட் 4 சதவீதம்னு வச்சுக்குவோம். பாக்க 7 பெருசு. ஆனா அந்த 3 சதவீத வித்தியாசம் சும்மா வரல, விலைவாசி இங்க அங்கயவிட வேகமா ஏறும், ரூபாய் அந்த அளவுக்கு இறங்கும்ங்கிற எதிர்பார்ப்பு அதுக்குள்ள இருக்கு. வரியே இல்லைன்னா ரூபாய் வருஷத்துக்கு சுமாரா 3 சதவீதம் இறங்கினா ரெண்டும் சமம். 30 சதவீத வரி கட்டுறவருக்கு ரூபாய் வட்டி 4.9ஆ சுருங்கிடும், டாலர் வட்டி 4 அப்படியே நிக்கும். அப்போ ரூபாய் 1 சதவீதம் இறங்கினாலே டாலர் ஜெயிச்சிடும். ஏறினா தோக்கும், அதையும் மறக்கக் கூடாது, அடுத்த வருஷம் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வேண்டிய காசை இப்படி வச்சு விளையாடாதீங்க. திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725னு 1997ல இருந்து கட்டிப் போட்டிருக்கு, அதனால திர்ஹாமை டாலரா மாத்துறதுல ரேட் ரிஸ்க் கிட்டத்தட்ட இல்ல.

மாத்துற அன்னைக்கு "ஃபீஸ் சீரோ"ங்கிற போர்டை நம்ப வேணாம். சந்தை ரேட் 24 ரூபாயா இருக்கப்போ உங்களுக்கு 23.70 குடுத்தா 4 லட்சம் திர்ஹாமுக்கு 1,20,000 ரூபாய் போயிடுது, அதுதான் ஃபீஸ். கைக்கு வர்ற ரூபாயை அனுப்புற திர்ஹாமால வகுத்து, ரெண்டு மூணு இடத்துல ஒரே நேரத்துல கேட்டுப் பாருங்க.

கடைசியா பங்கு. அதே ராமநாதபுரத்துக்காரர் 2017ல 10,000 டாலருக்கு அமெரிக்கப் பங்கு வாங்கினார், அப்போ டாலர் 65 ரூபாய், இப்போ அது 40,000 டாலர், டாலர் 90னு வைங்க. முழு ரெசிடென்ட் ஆனப்புறம் வித்தா வாங்கின விலை 6.5 லட்சம், வித்தது 36 லட்சம், 29.5 லட்சம் லாபத்துக்கும் 12.5 சதவீதம், சுமாரா 3.69 லட்சம் வரி. அவர் துபாய்ல இருந்த வருஷத்து லாபமும், ரூபாய் இறங்கினதால வந்த லாபமும் எல்லாம் இதுல அடங்கும், ஊர் திரும்பின அன்னைக்கு இருந்த விலைல இருந்து கணக்கு ஆரம்பிக்காது. 2028 மார்ச் 31க்குள்ள வித்து காசை வெளிநாட்டு அக்கவுண்ட்லயே வாங்கினா இங்க வரி இல்ல, பங்கு வேணும்னா அந்தக் காசுலயே திரும்ப வாங்கிக்கலாம், புது விலைதான் அப்புறம் கணக்குக்கு வரும். அதுக்கு அப்புறம் வர்ற வருஷத்துல இருந்து ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துக்குன்னு இருக்க அட்டவணையையும் நிரப்பணும், சும்மா கிடக்கிற துபாய் சேலரி அக்கவுண்டைக்கூட அதுல காட்டணும், அதனால வேண்டாததை எல்லாம் அதுக்கு முன்னாடியே மூடிடுறது வசதி.