துக்க வீட்டிலிருந்து ஒரு மீட்டிங்கைத் தள்ளிவைப்பது எப்படி?

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறீர்கள். வியாழன் காலை 11 மணிக்குச் சென்னையிலிருந்து வரும் வாங்குபவரின் ஏஜெண்டோடு சாம்பிள் மீட்டிங். செவ்வாய் இரவு உங்கள் பெரியப்பா தவறிவிட்டார்.

ஏஜெண்ட் வியாழன் காலை காட்பாடிக்கு ரயில் ஏறுபவர். ஆகவே புதன் காலையிலேயே செய்தி போக வேண்டும். அதில் நான்கு விஷயங்கள் போதும்: காரணம் ஒரு வரி, எந்த மீட்டிங், மாற்று நேரம் இரண்டு, அதுவரை பேச வேண்டிய ஆள்.

“வணக்கம் சார். எங்கள் குடும்பத்தில் ஓர் இறப்பு. அதனால் வியாழன் 11 மணி சாம்பிள் மீட்டிங்கிற்கு என்னால் வர இயலாது. வரும் திங்கள் காலை 11 அல்லது செவ்வாய் மாலை 3 மணி உங்களுக்குச் சரிவருமா? அதுவரை சாம்பிள் பற்றி எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பேசலாம்; அவரிடம் விவரம் சொல்லியிருக்கிறேன். சிரமத்திற்கு வருந்துகிறேன்.”

இதில் “பெரியப்பா” என்ற சொல் வேண்டாம். உறவைச் சொன்னதும், அது எவ்வளவு நெருக்கம் என்று எதிராளி மனதுக்குள் அளக்கத் தொடங்கிவிடுவார். உங்களைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான் என்பதை வெளியாளுக்கு விளக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. விடுப்புக்காக எச்.ஆர். உறவுமுறையைக் கேட்டால் அங்கே மட்டும் சொல்லுங்கள். நோய், மருத்துவமனை பெயர் எதுவும் வேண்டாம், வேலூர் மருத்துவமனை என்றாலே “என்ன ஆச்சு?” என்று அடுத்த கேள்வி வரும். வந்தாலும், “விசாரித்ததற்கு நன்றி சார். திங்கள் 11 மணி என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று பேச்சைத் தேதிக்குத் திருப்பலாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது தேதியில்தான். “அவசரமில்லை, இரண்டு வாரம் கழித்து அதே வியாழன் வைத்துக்கொள்வோம்” என்று ஏஜெண்ட் பரிவோடு சொல்வார். நீங்களும் சரி என்றுவிடுவீர்கள். செவ்வாயை முதல் நாளாக எண்ணினால் பதினாறாம் நாள் காரியம் அந்த வியாழனுக்கு முந்தைய நாளான புதன்கிழமை வரும். இரவில் போன உயிர் என்பதால் சில வீடுகளில் புதனிலிருந்து எண்ணுவார்கள்; அப்போது காரியம் அதே வியாழனில் வந்து நிற்கும். இரண்டாம் முறை தள்ளிவைக்கச் சொல்லும்போது, முதல் முறை கிடைத்த பரிவு இருக்காது. சில குடும்பங்களில் காரியத்தை முன்கூட்டியே முடிப்பதும் உண்டு. எனவே வீட்டுப் பெரியவரிடம் “காரியம் என்றைக்கு?” என்று கேட்டு, அந்த நாளையும் முந்தைய நாளையும் ஒதுக்கிவிட்டுத் தேதி கொடுங்கள். அன்று வீட்டில் முடிவாகவில்லையென்றால், “வெள்ளி மாலைக்குள் தேதி சொல்கிறேன்” என்று எழுதுங்கள், வெள்ளி மாலை சொல்லிவிடுங்கள்.

காலண்டர் அழைப்பை ரத்து செய்து புதிதாக அனுப்பாமல், அதிலேயே நேரத்தை மாற்றுங்கள்; பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மாற்றம் போய்ச்சேரும். ஆனால் தலைப்பிலோ குறிப்பிலோ இறப்பைப் பற்றி எழுத வேண்டாம். அது உங்களுக்கு முகம் தெரியாதவர்களின் திரையிலும் தெரியும்.