ஒரு மகளா, இரண்டு மகள்களா: ஜெர்மன் உச்சரிப்பில் ஒரு சொல்

ஜெர்மனியில் வேலைக்குப் போகவிருக்கும் செவிலியர்களுக்கு நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். உச்சரிப்பு வகுப்பில் முதலில் எடுப்பது Tochter என்ற சொல்லைத்தான். மகள் என்று பொருள். பன்மை Töchter. இரண்டுக்கும் முன்னால் ஒரே die, ஒரே Ihre. நோயாளியிடம் "Ich rufe Ihre Töchter an", அதாவது "உங்கள் மகள்களுக்கு போன் செய்கிறேன்" என்று சொல்லும்போது, ஒருவரா பலரா என்பதைக் காட்டுவது அந்த ö மட்டும்தான்.

நம்மவர்கள் வாயில் இரண்டுமே பெரும்பாலும் 'டொக்டர்' ஆகிவிடும். தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லினத்தோடு மூச்சு வெளியே வராது. ஜெர்மானியரின் t மூச்சோடு வெடிக்கும். மூச்சில்லாத t அவர்கள் காதில் d போலவே விழும். நடுவில் உள்ள ch 'க்' ஆகிவிட்டால் கேட்பவருக்கு Doktor தான். மருத்துவமனையில் இது சின்னக் குழப்பம் இல்லை.

முதலில் ö. நீளமாக 'ஏ' சொல்லுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்பக்கத்தைத் தொட்டபடி இருக்கட்டும். குரலை நிறுத்தாமல் உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவியுங்கள். நாக்கு நகரக் கூடாது. அதுதான் நெடில் ö. இதே முறையில் 'ஈ'யில் தொடங்கி 'ஊ'வுக்குக் குவித்தால் ü. Töchter-இல் வருவது குறில் என்பதால் 'எ'யில் தொடங்க வேண்டும். குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் அதில் சிரமம் இருக்காது.

உதடு குவிந்ததும் நாக்கும் பின்னால் ஓடுவதுதான் நம்முடைய சிக்கல். பேச்சில் 'பெட்டி' 'பொட்டி' ஆவதும் 'பிள்ளை' 'புள்ள' ஆவதும் அப்படித்தான். ஆனால் உதட்டையும் நாக்கையும் தனித்தனியாக இயக்க நமக்குத் தெரியாமலும் இல்லை. 'காசு' என்பதன் கடைசி உகரத்தைக் கவனியுங்கள். நாக்கு பின்னால், உதடு குவியாது. அந்தக் குற்றியலுகரத்தை அப்படியே தலைகீழாக்கினால் ü. கண்ணாடி முன் பயிற்சி செய்யும்போது 'ஒ' என்று கேட்டால் நாக்கு நழுவிவிட்டது. 'யொ' என்று கேட்டால் உதடு தாமதமாகக் குவிகிறது.

அடுத்து ch. a, o, u, au ஆகியவற்றுக்குப் பின்னால் அது தொண்டைப் பக்கம் உரசும் ஒலி. 'முகம்' என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் வரும் ககரத்தை, முழுதாக அடைக்காமல், குரலை எடுத்துவிட்டு மூச்சாக ஊதினால் Tochter-இன் ch கிட்டத்தட்ட வந்துவிடும். மற்ற உயிர்களுக்கும் l, n, r என்ற எழுத்துகளுக்கும் பின்னால் வருவது வேறு ch. ö நாக்கை முன்னுக்கு இழுப்பதால் ch-உம் கூடவே முன்னால் வருகிறது. 'ய்' சொல்ல நாக்கை வைத்து, குரல் இல்லாமல் ஊதுங்கள்.

இங்கே பலருக்கு 'ஷ்' வந்துவிடும். அப்போது Kirche என்ற தேவாலயம் Kirsche என்ற செர்ரிப்பழம் ஆகிவிடுகிறது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒலியைச் சொல்லிக்கொண்டே வாயை அசைக்காமல் நிறுத்தி, அதே நிலையில் மூச்சை உள்ளே இழுங்கள். குளிர்ச்சி அண்ணத்தின் நடுவில் தெரிந்தால் சரி. மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தெரிந்தால் அது 'ஷ்'. Tochter-இன் ch என்றால் தொண்டைக்கு அருகில் தெரியும்.

கடைசியில் er. அதை 'எர்' என்று படிக்காதீர்கள். வாயைச் சற்றுத் திறந்து ஒரு குட்டி 'அ', அவ்வளவுதான், ரகரமே இல்லை. bitte என்றால் 'தயவுசெய்து', bitter என்றால் 'கசப்பு'. முடிவில் வரும் மங்கலான உயிருக்கும் இந்த 'அ'வுக்கும் உள்ள வேறுபாடுதான் அவற்றைப் பிரிக்கிறது. rot போலச் சொல்லின் முதலில் வரும் r-ஐ உள்நாக்கருகே உரசிச் சொல்வார்கள். Tochter-இன் ch-க்குக் குரல் சேர்த்தால் அதை நெருங்கலாம். அது வராவிட்டாலும் கவலை வேண்டாம். பவேரியாவில் பலர் நம்மைப் போல நுனிநாக்கால்தான் சொல்கிறார்கள். எல்லோருக்கும் புரியும். உழைப்பை அந்தக் கடைசி er-இல் போடுங்கள்.

இன்னொன்று. புத்தகத்தில் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைப்பதை விட்டுவிடுங்கள். 'டொக்டர்' என்று எழுதினால் ஒருமை, பன்மை, ch, er எல்லாமே தொலைந்துபோகும். அடுத்த முறை கண் அந்தத் தமிழைத்தான் படிக்கும். அதற்குப் பதிலாக ö, ü மேல் ஒரு சிறு வட்டமும், முன்னால் வரும் ch-க்கு அடியில் ஒரு கோடும் போதும்.

வகுப்பில் இருவர் இருவராக உட்கார வைப்பேன். ஒருவர் Tochter, Töchter இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார். மற்றவர் புத்தகத்தைப் பார்க்காமல், காதில் விழுந்தபடி ஒரு விரலோ இரண்டு விரலோ காட்ட வேண்டும். விரல் தவறினால், சொன்னவர் மறுபடி 'எ'யிலிருந்து தொடங்க வேண்டும்.