‘என்ன கதைன்னு கண்டுபிடி’ விளையாட்டை நிறுத்துங்கள்

போன வாரமும் ஒரு விடைத்தாள் வந்தது. என்னிடம் வயலின் கற்கும் பெண்ணின் பள்ளியில், தலைப்பைச் சொல்லாமல் செக் இசையமைப்பாளர் ஸ்மெடனாவின் ‘வல்தவா’வை ஒலிக்கவிட்டு, "இது என்ன கதை?" என்று கேட்டிருக்கிறார்கள். "ரயில் பயணம்" என்று எழுதியவளுக்குப் பூஜ்யம். இந்த வருடம் இது மூன்றாவது.

அந்தப் பெண் தப்பே செய்யவில்லை. விடாமல் ஓடும் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அது இசையில் இருக்கிறது. ஓடுவது வல்தவா என்ற ஆறு என்பதைச் சொல்வது தலைப்பு. ராகத்துக்கு எழுவாய், பயனிலை கிடையாது. அதனால்தான் ஒரு கதையையோ காட்சியையோ வாத்தியக் குழுவுக்கு இசையாக்கும் சிம்ஃபோனிக் பொயம் எழுதியவர்கள் தலைப்பையும் குறிப்பையும் கேட்பவர் கையில் முதலிலேயே கொடுத்தார்கள். அந்த வகைக்கே பெயர் வைத்த இசையமைப்பாளர் லிஸ்ட், வேறொரு கூட்டிசைப் படைப்புக்கு முன்னுரையாகத் தொடங்கிய இசையைப் பிறகு ‘லே பிரெலூத்’ என்று பிரெஞ்சுக் கவிஞர் லாமார்த்தினின் கவிதையோடு இணைத்தார். அதைக் கேட்டு எந்தக் குழந்தை லாமார்த்தினைக் கண்டுபிடிக்கும்?

சரி, தலைப்பைச் சொல்லிவிட்டுக் கேட்டால் என்ன கிடைக்கும்? 1874 இறுதியில், காது கேட்காமல் போன சில வாரங்களில் ஸ்மெடனா ‘வல்தவா’வை எழுதினார். ஒரு புல்லாங்குழல் சுழித்து ஓடுகிறது, அது முதல் ஊற்று. கிளாரினெட் சேர்ந்தால் இரண்டாவது ஊற்று. (இரண்டு புல்லாங்குழல்காரர்கள் மாற்றி மாற்றி வாசித்து, மூச்சு விட்ட இடம் தெரியாமல் ஒட்ட வேண்டும். ஒத்திகையில் இருவர் முகத்தையும் பார்க்க முடியாது.) ஊற்றுகள் கலந்ததும் ஓட்டம் வயலின் கூட்டத்துக்குப் போகிறது, அதன்மேல் சோகச் சாயலுள்ள மைனரில் ஆற்றின் மெட்டு எழுகிறது. ஹார்ன்கள் கரையோரக் காட்டில் வேட்டையை ஊதும்போதும் அடியில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டு போல்கா நடனம் வந்ததும்தான் அது நிற்கிறது. நாம் கரையேறிவிட்டோம்! நிலவொளிக் காட்சியில் மறுபடி புல்லாங்குழல் சலசலக்க, வயலின்கள் அடக்கிய குரலில் நீண்டு நிற்கின்றன.

பாறைச் சரிவில் கொந்தளித்து அகன்றபின் அதே மெட்டு பிரகாசமான மேஜருக்கு மாறுகிறது. அப்புறம் பிராகாவின் பழைய கோட்டையான விஷெஹ்ராட்டின் மெட்டு கம்பீரமாகக் கேட்கும். ‘வல்தவா’ இடம்பெறும் ‘என் தாய்நாடு’ என்ற தொடரின் முதல் பகுதியான ‘விஷெஹ்ராட்’டைக் கேட்காதவருக்கு அது வெறும் ஆரவாரம்தான், அதனால் அதன் தொடக்கத்தில் ஹார்ப் வாசிக்கும் அந்த மெட்டை முதலில் போட்டுக் காட்டுங்கள்.

வீடியோ வேண்டாம். படத்தில் படகு வந்தால் பிள்ளைகள் படகைத்தான் பார்ப்பார்கள். குறிப்பைப் படித்துவிட்டு, அடியில் ஓடும் நீரை மட்டும் தொடரச் சொல்லுங்கள். எங்கே நின்றது, யார் கைக்கு மாறியது என்று கேளுங்கள். ஆசிரியர்களே, தயவுசெய்து அந்தப் பூஜ்யத்தையும் அடித்துவிடுங்கள்.